அம்மாயி கேட்ட விடை

நாமக்கல்,
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணு,

இங்கே நாலு நாளாக மழை. கொல்லை முருங்கையில் பெரிய கிளை முறிந்து சுவர் மேல் கிடக்கிறது. அப்பாவைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

நீ போனில் "சாப்பிட்டாச்சும்மா, தூங்கப் போறேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். இரவு எட்டரைக்குத் தூங்கும் பிள்ளை இல்லை நீ. ஆனாலும் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதாகவும் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு, அது போதும். அண்ணா நகரில் அந்த மெஸ்ஸில் எண்ணெய் அதிகம் என்று சொன்னாயே, இரவில் இட்லி மட்டும் சாப்பிடு. தூக்கத்தை மட்டும் குறைக்காதே. உன் அத்தை போன் செய்தால் எடுத்து இரண்டு வார்த்தை பேசு. அவள் கேட்டால் உனக்குக் கோபம் வரும், தெரியும். கேட்காத மாதிரி நான் பார்த்துக்கொள்கிறேன்.

உனக்கு ஒரு பிள்ளையின் கதை சொல்ல வேண்டும். அவளை நீ பார்த்திருக்கிறாய். 2023 பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது, விடுதிப் பிள்ளைகள் எல்லாம் ஊருக்குப் போகும் வழியில் ஒருத்தி நம் வீட்டுக்கு வந்து, மாடியில் இருந்த உன் பழைய கணக்கு நோட்டுகளை வாங்கிக்கொண்டு போனாளே, ஒல்லியாக, இரட்டைச் சடையோடு, அவள்தான். நீ உன் ஜாமெட்ரி பாக்ஸையும் எடுத்துக் கொடுத்தாய். அதில் உன் பெயர் கீறியிருந்ததை அவள் கடைசிவரை அழிக்கவில்லை. பெயர் எழுத மாட்டேன். உனக்குத் தெரிந்தால் போதும்.

மோகனூர்ப் பக்கம் ஒரு கிராமம். அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, அப்பா லாரியில். வளர்த்தது முழுக்க அம்மாவைப் பெற்ற அம்மாயி. பத்தாம் வகுப்புக்கு எங்கள் பள்ளிக்கு வந்து விடுதியில் சேர்ந்தாள். நான் அப்போது கணக்கோடு பெண்கள் விடுதியின் இரவுப் படிப்பையும் பார்த்துக்கொண்டிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? ஒன்பதரைக்குத்தான் வீட்டுக்கு வருவேன், அப்பா தோசைக் கல்லைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஜனவரியில் முதல் திருப்புதல் தேர்வு. அது முடிந்த மறுநாள் விடுதியில் ஒரே பேச்சு. அவளுக்குக் கனவில் விடை வருகிறதாம். விடிகாலையில் ஒரு தாள் தெரிகிறதாம், அதில் விடை எழுதியிருக்கிறதாம், அதே கணக்கு பரீட்சையில் வந்துவிட்டதாம். பிள்ளைகள் அவள் கட்டிலைச் சுற்றி நோட்டோடு நின்றார்கள். நாமக்கல் அல்லவா, உடனே நாமகிரித் தாயார் என்றார்கள். ராமானுஜனுக்கும் கனவில் தாயார்தான் சொன்னாள், இவளுக்கும் சொல்கிறாள் என்று.

எனக்குக் கோபம் வந்தது. தாயார் மேல் எனக்குக் குறைவில்லாத பக்தி, உனக்கே தெரியும். ஆனால் ராமானுஜன் பெயரை அப்படி இழுப்பது பொறுக்கவில்லை. அவர் கனவில் கண்டதாகச் சொன்னது உண்மை. எழுந்தவுடன் எழுதி வைத்தேன் என்று சொன்னதும் உண்மை. ஆனால் அப்படி எழுதி வைத்ததற்கு நிரூபணம் கேட்க கேம்பிரிட்ஜில் ஒரு ஹார்டி இருந்தார். 1913இல் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில், பகா எண்களின் எண்ணிக்கையைப் பற்றி அவர் சொன்னது தவறு என்று பிறகு தெரிந்தது. அவ்வளவு பெரிய மூளைக்கே வந்ததைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. வகுப்பில் இதைச் சொன்னேன். பிள்ளைகள் கேட்டுக்கொண்டு, மறுநாள் காலை மறுபடியும் அவள் கட்டிலுக்கே போனார்கள்.

சரி, எண்ணிப் பார்த்துவிடலாம் என்று அவளிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தேன். கண் விழித்ததும், பல் விளக்கும் முன், தேதி போட்டு எழுத வேண்டும். பரீட்சைக்கு முன்னால் என்னிடம் காட்டிவிட வேண்டும். பரீட்சை முடிந்த பிறகு "இதுவும் வந்துச்சு மிஸ்" என்று எதையும் சேர்க்கக் கூடாது. ஐந்து தேர்வுகளுக்கு அப்படி எழுதினாள். மொத்தம் 21 கணக்குகள். அதில் 6 வந்திருந்தன. அதே தேர்வுகளுக்கு நானும் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு புரட்டி, விரல் பட்ட இடத்தில் 21 கணக்குகளைக் குறித்து வைத்திருந்தேன். அதில் 5 வந்திருந்தன. திருப்புதல் தேர்வுக்குக் கேள்வி வேறெங்கிருந்தும் வருவதில்லையே, எல்லாம் அதே பயிற்சிகளில் இருந்துதான். வந்த ஆறை மட்டும் விடுதி முழுக்க நினைவு வைத்திருந்தது. வராத பதினைந்தை யாரும் சொல்லவில்லை.

நோட்டைக் கூர்ந்து பார்த்தால் இன்னொன்று தெரிந்தது. விடை இருந்தது, வழி இல்லை. "x = 3" என்று இருக்கும், எப்படி வந்தது என்று ஒரு வரி இருக்காது. சில நாள் ஒரே கனவில் முதலில் 3 என்றும் பிறகு 8 என்றும் எழுதியிருந்தாள். "திரும்பிப் பார்த்தா மாறிடுதுங்க மிஸ்" என்றாள். கனவில் எழுத்து நிற்காது கண்ணு. கனவு காணும் நேரத்தில் மூளையில் சரிபார்க்கும் பகுதி தளர்ந்துதான் இருக்கிறது. "கிடைத்துவிட்டது" என்ற சந்தோஷம் மட்டும் முழுசாக வருகிறது, விடை சரியா தப்பா என்பது வேறு விஷயம்.

அவளுக்கு மட்டும் ஏன் அவ்வளவு கனவு நினைவிருந்தது என்பதற்கும் காரணம் இருந்தது. தூக்கத்தின் முன்பாதி ஆழ்ந்த தூக்கம், கனவுகள் நிறைய வருவது பின்பாதியில், விடியப் போகும் நேரத்தில். விடுதியில் நாலு மணிக்கு மணி அடித்துவிடுவோம். கனவின் நடுவில் எழுப்பப்பட்டவருக்குத்தான் பெரும்பாலும் கனவு நினைவிருக்கும். அவள் கட்டில் மணிக்கு நேர் கீழே. பொங்கலுக்கு ஊரில் இருந்த நாலு நாளும் ஏழு மணிவரை தூங்கினாளாம். ஒரு கனவும் நினைவில்லையாம். நான் உன்னையும் பத்தாவதில் நாலு மணிக்குத்தான் எழுப்பினேன். காபி டம்ளரை உன் கன்னத்தில் வைத்து எழுப்புவேன். அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன். அதனால்தான் சொல்கிறேன், தூங்கு. இனிமேல் யாரும் உன்னை நாலு மணிக்கு எழுப்ப வேண்டாம். நீயும் அலாரம் வைக்காதே.

இனிமேல் சொல்வதுதான் கதை.

ஏப்ரலில் பொதுத்தேர்வு. தமிழ், ஆங்கிலம் முடிந்தது. கணக்கு வியாழக்கிழமை. செவ்வாய் இரவு ஒன்பது மணி வாக்கில் அவள் அப்பா எனக்குப் போன் செய்தார். "டீச்சர், அத்தை போயிட்டாங்க. காலையில பதினோரு மணிக்கு எடுக்கறோம். பாப்பாகிட்டச் சொல்லலாங்களா, எப்படிங்க?" லாரிக்காரர், சத்தமாகப் பேசுகிறவர், அன்று குரலே வெளியே வரவில்லை. முடிவை என் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "வேண்டாங்க. பரீட்சை முடியட்டும். இப்பச் சொன்னா எழுத மாட்டா. கடைசிப் பரீட்சை அன்னிக்கு வந்து கூட்டிட்டுப் போயிடுங்க" என்றேன். அவர் "சரிங்க டீச்சர், நீங்க சொன்னாச் சரி" என்றார். வார்டனிடம் சொல்லி வைத்தேன். அன்றைக்கு இரவுப் படிப்பில் அவள் பின்னால் போய் நின்றேன். என்னை அறியாமல் அவள் தலையில் கை வைத்தேன். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பால் கொடுக்க வந்த வார்டன் அவளுக்கு மட்டும் இன்னொரு டம்ளர் ஊற்றினாள்.

புதன் காலை ஆறே கால். நான் விடுதிப் படிப்பறையில் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் நோட்டோடு வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "மிஸ், கணக்குல எந்த ஸ்டெப்ல தப்புன்னு பாருங்க" என்றாள்.

கனவைச் சொன்னாள். பரீட்சை அறை. கடைசிக் கணக்கு, வரைபடம். உனக்கும் பிடித்த பகுதி அது. y = x² − 4x + 3 என்ற வளைவரையை வரைந்து, அதை வைத்து x² − 6x + 9 = 0 என்பதைத் தீர்க்க வேண்டும். கனவில் முழுசாகப் போட்டுவிட்டாள். பரவளையமும் வந்துவிட்டது, நேர்கோடும் வந்துவிட்டது, கோடு வளைவை ஒரே இடத்தில் தொட்டது. மணி அடித்தது. தாள் வாங்க வந்த மேற்பார்வையாளர் அவள் அம்மாயி. சேலைத் தலைப்பு நனைந்திருந்தது. கையை நீட்டி "விடை குடு சாமி" என்றாள். இவள் தாளை நீட்டினாள். அம்மாயி வாங்கவில்லை. மறுபடியும் "விடை குடு சாமி" என்றாள். இவள் கணக்கைத் திரும்பப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது, மறுபடியும் நீட்டினாள். அம்மாயி தாளைப் பார்க்கவே இல்லை. இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தாள் வாங்க மாட்டேங்குதுங்க மிஸ். விடை தப்பாத்தான் இருக்கணும். அம்மாயி பேப்பர்னுதான் சொல்லும், விடைன்னெல்லாம் சொல்லாது. தப்புன்னு காட்டத்தான் அப்படிச் சொல்லுதோ என்னமோ?"

கண்ணு, அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. விடை என்ற சொல்லுக்கு அந்த இடத்தில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்தது. கை நடுங்கியது. மணியைப் பார்த்தேன், ஆறு இருபது. மோகனூருக்கு முக்கால் மணி நேர பஸ். பதினோரு மணிக்குத்தான் எடுக்கிறார்கள். அனுப்பியிருந்தால் முகத்தைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பியிருப்பாள். வியாழக்கிழமை பரீட்சையும் எழுதியிருப்பாள்.

நான் சாக்பீஸை எடுத்தேன். "வா, கணக்கைப் பார்க்கலாம்" என்றேன்.

முதலில் வளைவரைக்கு மதிப்புகள் போடச் சொன்னேன். x = 0 என்றால் y = 3. x = 1 என்றால் 0. 2 என்றால் −1. 3 என்றால் 0. 4 என்றால் 3. சரியாகச் சொன்னாள். அடுத்து கழித்தல். வளைவரையிலிருந்து கொடுத்த சமன்பாட்டைக் கழிக்க வேண்டும். பாதிப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இதுதான். −4x இலிருந்து −6x ஐக் கழித்தால் +2x வர வேண்டும், குறியை மாற்றாமல் −10x என்று எழுதிவிடுவார்கள். அவள் மாற்றினாள். 3 இலிருந்து 9 போக −6. ஆக y = 2x − 6. "இந்தக் கோடு எதற்கு? ஏன் கழிக்கிறோம்?" என்று கேட்டேன். விழித்தாள். ஒரு வருடமாகக் கழித்துக்கொண்டிருக்கிறாள், ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும்தான். கேட்க வேண்டிய நாளில் கேட்காமல், பேச்சை மாற்ற அன்றைக்குக் கேட்டேன்.

சொல்லிக் கொடுத்தேன். வளைவும் கோடும் சந்திக்கும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே y. அப்படியென்றால் அங்கே x² − 4x + 3 உம் 2x − 6 உம் சமம். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்தால் x² − 6x + 9 = 0. நம்மிடம் கேட்ட சமன்பாடு அதுவேதான். ஆகவே சந்திக்கும் இடத்தின் x தான் தீர்வு. இங்கே கோடு வளைவை வெட்டாமல் (3, 0) என்ற ஒரே புள்ளியில் தொடுகிறது, ஏனென்றால் x² − 6x + 9 என்பது (x − 3)². இரண்டு மூலங்களும் சமம், இரண்டும் 3. வரைந்து முடித்ததும் 3 ஐக் கொடுத்த சமன்பாட்டில் போட்டுப் பார்: 9 − 18 + 9, பூஜ்யம். அளவுத்திட்டத்தை மறக்காமல் எழுது. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "இதுக்குத்தான் கழிக்கிறோமா மிஸ்!" என்றாள். எந்தக் கணக்கு வாத்தியாருக்கும் அதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை. அன்றைக்கு எனக்கு அது தொண்டையில் முள்ளாக நின்றது.

"விடை சரிதான். போய்ப் படி" என்றேன்.

"அப்புறம் அம்மாயி ஏன் மிஸ் வாங்கல?"

"கனவுக்கெல்லாம் அர்த்தம் பார்க்காதே. போய்ச் சாப்பிடு."

போனாள். வியாழக்கிழமை நன்றாக எழுதினாள். அடுத்த வியாழக்கிழமை சமூக அறிவியல் முடிந்து வெளியே வந்தபோது வாசலில் அவள் அப்பா நின்றிருந்தார். மொட்டை அடித்த தலையில் துண்டு கட்டியிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். இவள் தலையைப் பார்த்தாளாம், அவ்வளவுதான். அன்றைக்கு நான் அங்கே இல்லை. தலைவலி என்று லீவு போட்டிருந்தேன். உனக்கு அப்போது சொன்னேனா? சொல்லியிருக்க மாட்டேன்.

மே மாதத்தில் ஒரு நாள் நம் வீட்டுக்கு வந்தாள். மதிப்பெண் வந்துவிட்டது, கணக்கில் 97. ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் கொண்டு வந்திருந்தாள், அம்மாயி வைத்த மரத்தில் காய்த்தது. திண்ணையிலேயே உட்கார்ந்தாள், உள்ளே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மிஸ், விடைக்கு ரெண்டு அர்த்தம்ங்க" என்றாள்.

தமிழ்ப் பரீட்சைக்கு அவள் படித்த பாடத்தில் "விடைபெற்றுச் சென்றான்" என்று வந்திருந்ததாம். அந்தச் சொல்தான் தலையில் தங்கியிருந்து அம்மாயி வாயில் வந்தது என்று அவளே யோசித்துக் கண்டுபிடித்திருந்தாள். செத்துப்போன விஷயம் எப்படித் தெரிந்தது என்றும் யோசித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா "அம்மாயி தூங்குது" என்று சொல்லிக் கொடுக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மாயி தூங்காது. செவ்வாய்க்கிழமை வார்டன் இரண்டு டம்ளர் பால் கொடுத்தாள். "நீங்க தலையில கை வெச்சீங்க மிஸ். நீங்க யாரையும் தொட்டதே இல்லீங்களே" என்றாள். மூன்றையும் விழித்திருக்கும்போது அவள் கூட்டிப் பார்க்கவில்லை, பரீட்சை இருந்தது. தூக்கத்தில் கூட்டிப் பார்த்துவிட்டாள்.

"அம்மாயி கிளம்பறேன்னு கேட்டிருக்குங்க. நான் தாளைத் தாளை நீட்டியிருக்கேன். முதல்ல அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் பார்த்தா, கேட்டது அம்மாயி இல்லீங்க, நான்தான். எனக்குத்தான் போகணும்னு இருந்திருக்கு. யாராவது போயிட்டு வான்னு சொல்ல மாட்டாங்களான்னு இருந்திருக்கு. அதைக் கேட்கத்தான் உங்ககிட்ட வந்திருக்கேன், கணக்கைக் கேட்கிறேன்னு நினைச்சுக்கிட்டு."

அப்புறம் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "உங்களுக்கு அப்பவே தெரியுங்களா மிஸ்?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன், உன் நன்மைக்குத்தான் என்று. நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் எழுந்து, பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த எலுமிச்சம்பழத்தைத்தான் ஊறுகாய் போட்டு உனக்கு அனுப்பினேன். நன்றாக இருந்தது என்றாய்.

இப்போது நர்சிங் படிக்கிறாள் என்று கேள்வி.

இந்தக் கதையை உனக்கு எழுத உட்கார்ந்தபோது, தூக்கத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். ராமானுஜன்கூட எப்.ஏ. தேர்வில் தேறவில்லை, கும்பகோணத்தில் உதவித்தொகை போயிற்று, சென்னைக்கு வந்து பச்சையப்பனில் படித்தும் தேறவில்லை, அதனால் அவருக்கு என்ன குறைந்துவிட்டது என்று நாலு வரி எழுதி முடிக்கலாம் என்று நினைத்தேன். எழுதிக்கொண்டே வரும்போது கை நிற்கவில்லை.

2022 நவம்பரில் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். உனக்கு ஏழாவது செமஸ்டர் பரீட்சை. பதினோரு நாள் நான் உன்னோடு போனில் சிரித்துப் பேசினேன். அப்பா எங்கே என்றால் "கடைக்குப் போயிருக்கார்" என்றேன். நீ பரீட்சை முடித்து வந்து, கட்டிலில் அவரைப் பார்த்தாய். ஒன்றும் சொல்லவில்லை. ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரித்தாய். நாரெல்லாம் எடுத்து, சுளை சுளையாகத் தட்டில் அடுக்கி, அப்பா பக்கத்தில் வைத்துவிட்டு மாடிக்குப் போனாய். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த ஐந்தே மாதத்தில் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு அதையே செய்தேன். தெரியாமல் செய்யவில்லை. ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் செய்தேன்.

அதற்குப் பிறகு நீயும் எல்லாவற்றையும் முடிந்த பிறகுதான் சொல்கிறாய். காய்ச்சல் விட்ட பிறகு காய்ச்சல் என்கிறாய். அறை மாறிய பிறகு முகவரி அனுப்புகிறாய். வேலையை விட்டதைக்கூட விட்டு ஒரு மாதம் கழித்துச் சொன்னாய். எனக்கு ஆற்றாமையாக இருந்தது, பெற்றவளிடம் சொல்லக்கூடாதா என்று அத்தையிடம் புலம்பினேன். யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று நான் யோசிக்கவில்லை. நான் உனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்ததைவிட இதை நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஒன்றும் கேட்க மாட்டேன் என்று எழுதினேன். அது முழு உண்மை இல்லை. மெயின்ஸ் முடிவு வந்த அன்றைக்கே அந்தப் பிடிஎஃப்பைத் திறந்தேன். உன் ஹால்டிக்கெட் நகல் அலமாரியில் இருக்கிறது, நம்பர் எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு பக்கமாகத் தேடினேன். மூன்று முறை தேடினேன். அப்புறம் ஒன்பது நாள், தெரியாத மாதிரி உன்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீயும் தெரியாத மாதிரி சாப்பிட்டேன் என்றாய். அப்பாவிடம் நான் சொல்லவில்லை. ஆனால் அவரும் பார்த்திருப்பார் என்று தோன்றுகிறது. நேற்று இரவு காரணமில்லாமல் உன் பத்தாம் வகுப்பு போட்டோவைத் துடைத்து வைத்தார். கணக்கில் நூறு வாங்கிய அன்று எடுத்தது. அதில் நீ சிரிக்கவில்லை என்று எனக்கு இத்தனை வருடம் கழித்து நேற்றுத்தான் தெரிந்தது.

ராமானுஜனைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் பாதிதான் சொல்வேன். மீதியையும் சொல்கிறேன். கடல் தாண்டக்கூடாது என்று வீட்டில் தடை. விட மாட்டேன் என்றிருந்தவர் அவர் அம்மா கோமளத்தம்மாள். கடைசியில் அந்த அம்மாவுக்கே ஒரு கனவு வந்ததாம், மகன் ஐரோப்பியர்கள் நடுவில் உட்கார்ந்திருப்பதாகவும், தடுக்காதே என்று நாமகிரித் தாயார் சொன்னதாகவும். அதற்குப் பிறகுதான் 1914இல் அவர் கப்பல் ஏறினார். கனவில் கணக்கு வந்ததை ஊரே பேசுகிறது. அம்மாவுக்கு வந்த கனவை யாரும் பேசுவதில்லை. எனக்கு அப்படிக் கனவு ஒன்றும் வரவில்லை கண்ணு. தூக்கமே சரியாக வரவில்லை. விழித்துக்கொண்டேதான் சொல்கிறேன். மூன்றாவது முறை எழுத வேண்டும் என்றால் எழுது, அறை வாடகையை அப்பா ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறார். எழுத வேண்டாம் என்றால் விட்டுவிடு. திரும்ப வேலைக்குப் போவதோ, இங்கே வந்து கொஞ்ச நாள் சும்மா இருப்பதோ, உன் இஷ்டம். எதற்கும் என்னிடம் கணக்குக் கேட்கிற மாதிரி வந்து நிற்க வேண்டாம். போயிட்டு வா என்று இப்போதே சொல்லிவிட்டேன்.

இனி அப்பா விஷயம். போன வாரம் படி ஏறும்போது இரண்டு முறை நெஞ்சு பிடித்த மாதிரி இருக்கிறது என்றார். டாக்டர் மறுபடியும் ஆஞ்சியோ எடுத்துப் பார்க்கலாம் என்கிறார். வரும் வெள்ளிக்கிழமை, கோவையில். பயப்படும்படி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடைப்பு இருந்தால் அன்றைக்கே இன்னொரு ஸ்டென்ட் வைக்க வேண்டியிருக்கலாம் என்றார். அப்பா உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் கேட்டார். நான் செய்து கொடுக்கவில்லை. வியாழக்கிழமை இரவே அங்கே போய்விடுவோம், சித்தப்பா காரில் வருகிறார். வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வருவதாக இருந்தால் பஸ் ஏறும்போது ஒரு போன் செய். எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

ஊறுகாய் இன்னும் ஒரு பாட்டில் இருக்கிறது. கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடிக்கிறேன்.

அம்மா